ரிலே படத்தின் ஓரம்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஆப்செட் பிரஸ்ஸில் செவந்திதான் பக்கம் வடிவமைப்பவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை பில் எல்லாம் அவள் கை பட்டுத்தான் அச்சுக்குப் போகும். திருவரங்குளம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் செய்திமடல் முதன்முறையாக அவளிடம் வந்தபோது, அந்தப் பள்ளியின் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். மகள் வைஷ்ணவி படிப்பது அங்கேதான்.

விவாகரத்தின்போது, "அப்பாகூடத்தான் இருப்பேன்" என்று சிறுமியாக இருந்த வைஷ்ணவி கோர்ட்டில் சொன்னாள். முதலில் மாதம் ஒருமுறை பார்க்க விட்டார்கள். பிறகு பரீட்சை என்றார்கள், காய்ச்சல் என்றார்கள். அப்புறம் வைஷ்ணவியே வரமாட்டேன் என்றுவிட்டாள். கட்டாயப்படுத்த செவந்திக்கு மனம் வரவில்லை. இப்போது ஒன்பதாவது படிக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

செய்திமடலுக்குப் பொறுப்பான ஆசிரியர் அருண்குமார் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பியிருந்தார். ரிலே ஓட்டத்தில் ஜெயித்த நான்கு பெண்களின் படத்தை முதல் பக்கத்தில் முழு அகலத்துக்கும் போட வேண்டும் என்றார். செவந்தி அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், இது சுருங்கி வந்திருக்கு. பக்கத்துல இருக்கிற மூணு பத்தி அகலத்துக்கும் இழுத்தா அச்சுல மங்கலாத் தெரியும். ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்புங்க."

ஒரிஜினல் வந்தது. திரையில் பெரிதாக்கினாள். கோப்பையை நடுவில் இருந்தவள் பிடித்திருந்தாள். வலது ஓரத்தில், மற்றவர்களைவிட ஒரு அடி தள்ளி, கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி நின்றாள்.

வைஷ்ணவி. எப்போது கண்ணாடி போட்டாள்? யார் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்? கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களைப் பார்த்தபடி செவந்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் பேப்பர் எண்ணிக்கொண்டிருந்த சிவசாமி, "என்னம்மா, சிஸ்டம் நின்னு போச்சா?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சிக்கல் வந்தது. ஆண்டு விழாக் கட்டுரை நீளமாக இருந்தது. மூன்று பத்திகளிலும் நிரம்பி, மிச்சம் வெளியே நிற்கிறது என்று திரையில் கடைசி எழுத்துப் பெட்டியின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி காட்டியது.

"ரிலே படத்தை ரெண்டு பத்தி ஆக்கிருங்கம்மா" என்றார் அருண்குமார். "ஓரத்துல நிக்கிற பொண்ணை வெட்டிட்டா சரியா வரும்."

"அந்தப் பிள்ளையும் ஓடித்தானே சார் ஜெயிச்சிருக்கு?"

"சரி, செய்திமடலோட ஆசிரியர் குழுவுல பிள்ளைக இருக்காங்க. நாளைக்குப் புரூஃப் பாக்கக் கூட்டிட்டு வாரேன். அவங்களே முடிவு பண்ணட்டும்."

மறுநாள் அவரோடு வந்தவர்கள் இரண்டு பேர். சத்யா என்ற பெண். அவளுக்குப் பின்னால் வைஷ்ணவி.

வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். செவந்தியை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சத்யாவுக்குப் பக்கத்தில் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். செவந்திக்குக் கை நீட்டினால் தொடும் தூரம். செவந்தி மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அருண்குமார் விஷயத்தைச் சொன்னதும் வைஷ்ணவி திரையைப் பார்த்தபடியே, "என்னைய வெட்டிருங்க சார். பரவால்ல" என்றாள்.

"வெட்ட மாட்டேன்" என்றாள் செவந்தி.

குரல் உயர்ந்துவிட்டது. மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் தணித்துக்கொண்டு, "கட்டுரையில யார் யாருக்குப் பொன்னாடை போத்துனாங்கன்னு ரெண்டு பாரா இருக்கு சார். அதை எடுத்தா போதும். படம் முழுசா நிக்கும்" என்றாள்.

"தாளாளர் பேரு மட்டும் இருக்கட்டும்மா" என்று சிரித்தார் அருண்குமார்.

பாராக்களை எடுத்தாள். சிவப்புக் குறி மறைந்தது. படம் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நின்றது.

வைஷ்ணவி குனிந்து பார்த்தாள். "ஏன் நான் இவ்வளவு தள்ளி நிக்கிறேன்?" என்று தனக்குத்தானே கேட்பதுபோல் சொன்னாள். "கண்ணாடி ஒனக்கு நல்லாருக்கு" என்று மட்டும் செவந்தி சொன்னாள். வைஷ்ணவி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "போன வருசம் போட்டது."

அவர்கள் எழுந்தார்கள். படியிறங்கிய வைஷ்ணவி திரும்பினாள்.

"அடுத்த இதழும் நீங்கதான் செய்வீங்களா?"

"நான்தான்."

"புரூஃப் பாக்க நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, சத்யாவைப் பிடிக்க ஓடினாள்.

அவர்கள் ஏறிய பஸ் திரும்பிப் போகிற வரை செவந்தி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, படங்களை அச்சு நிறத்துக்கு மாற்றி, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து, வெட்டுவதற்கு ஓரம் விட்டு, பிடிஎஃப்பை அச்சுப் பிளேட் போட அனுப்பினாள்.

மெஷினிலிருந்து வந்த முதல் தாளைச் சிவசாமி கொண்டுவந்து கொடுத்தார். மை இன்னும் காயவில்லை. படத்தில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடுத்த இதழுக்கு வைஷ்ணவி புரூஃப் பார்க்க வருவது, பள்ளியில் அரையாண்டு பரீட்சை முடிந்துதான்.