கத்தரிப்பூச் சேலையும் நாலு கேள்வியும்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தன் போட்டோ ஸ்டூடியோவில், மதியச் சாரலைப் பார்த்தபடி நிர்மலாதேவி பாதித் தூக்கத்தில் இருந்தாள். ஊரே ஈரத் துணியால் மூடியது மாதிரி மங்கிக் கிடந்தது. மானிட்டரில் ரேவதியின் மகள் சந்தியா, பூப்பு நீராட்டு மாலையோடு, ஏதோ ஒரு அரண்மனை வாசலில் நின்றாள்.

நிஜத்தில் அவள் நின்றது மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். "பின்னாடி மட்டும் கொஞ்சம் ராயலா போட்டுருங்கக்கா" என்று ரேவதி கேட்டிருந்தாள். நிர்மலாவும் படத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்தாள், அரை நிமிடத்தில் அரண்மனை வந்துவிட்டது. ஏ.ஐ. இருக்கிறதே, அதனிடம் ஒன்றைச் சொன்னால் நான்கைச் செய்யும்.

அதற்காகத்தான் மானிட்டர் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். போன வருஷம் ஒரு கல்யாணப் படத்தில், பின்னால் போன ஆளை அழிக்கச் சொன்னதற்கு, அது மணப்பெண் கழுத்துத் தாலியையும் சேர்த்து அழித்துவிட்டது. கவனிக்காமல் அனுப்பியும் விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கடை வாசலில் வந்து ஆடிய ஆட்டத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகும். அன்று எழுதிய நாலு கேள்விதான் அந்தத் தாள்: முகம் அதேதானா? நிற்கும் விதம்? உடை? பின்னணி? நாலும் ஒத்துப் பார்க்காமல் ஒரு படமும் வெளியே போகாது.

அசல் படத்தைக் கீழேயும் மாற்றிய படத்தை மேலேயும் ஒரே அளவில் அடுக்கினாள். மேல் படத்தை மறைத்தாள், காட்டினாள், மறைத்தாள். அரண்மனை, மீட்டர் பெட்டி, அரண்மனை. பார்க்கப் பார்க்கக் கனவுக்குள் போய் வருவது போலிருந்தது.

முகத்தைப் பெரிதாக்கினாள். உதட்டுக்கு மேலிருந்த மச்சம் காணோம், நிறமும் ஒரு பங்கு வெளுத்திருந்தது. அசல் முகத்தையே எடுத்து மேலே வைத்தாள். அடுத்து விரல்களை எண்ணினாள், தோள் சாய்வைப் பார்த்தாள். சரி. பின்னணியில் நிழல் விழும் பக்கமும் சரி. சேலைக்கு வந்ததும் அவள் தூக்கம் கலைந்தது. மெல்லிய மஞ்சள் கரை போட்ட கத்தரிப்பூ நிறச் சேலை, அகலமான ஜரிகையோடு சிவப்புப் பட்டாகி இருந்தது.

குடையை மடக்கிக்கொண்டு ரேவதி உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது.

"அய்யோ, சேலை எவ்ளோ நல்லாயிருக்குது! அப்படியே இருக்கட்டுங்கக்கா."

"இது நம்ம சேலை இல்ல ரேவதி. தானா மாறிப்போச்சு. திருப்பிப் போட்டுர்றேன்."

"வேணாங்க. அந்த மங்குன கலரை எங்க வூட்டுக்காரர் சைடுல எல்லாரும் நொட்டை சொல்றாங்க. இதைக் குரூப்புல போட்டா வாயடைச்சுப் போயிருவாங்க."

"சேலை யாரு எடுத்தது?"

ரேவதி கொஞ்சம் தயங்கினாள். "எங்கண்ணன்."

தொப்பூர் மாதேஸ், லாரி டிரைவர். ஏதோ விசேஷத்துக்குப் பத்திரிகை சரியாக வைக்கவில்லை என்று நான்கு வருஷம் தங்கையோடு பேசாதவர், இந்தச் சடங்குக்குத் தாய்மாமனாகச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சந்தியா அந்தச் சேலையைக் கட்டி வெளியே வருவதற்குள் லோடு ஏற்றச் சொல்லிப் போன் வந்து கிளம்பிவிட்டார். இப்போது நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்துகொண்டு, "பாப்பா போட்டோ எங்கே" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்.

"அப்ப அவரு இன்னும் பார்க்கவே இல்லையா?" நிர்மலா நாற்காலியைத் திருப்பினாள். "ஆசையா எடுத்த சேலையை முதல் தடவை பார்க்கறப்ப வேற சேலை நின்னா, என் துணி உனக்குக் கேவலமா போச்சான்னு கேக்க மாட்டாரா?"

"ஆம்பளைங்களுக்குச் சேலை என்னங்க தெரியும்?"

"சரி. அவருக்கே போன் போடு. மாத்திக்கட்டுமான்னு கேளு. சரின்னா அனுப்பறேன்."

ரேவதி போனை எடுத்தாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உர்ரென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க பழசையே போடுங்க."

நிர்மலா அசல் சேலையைக் கரை பிசகாமல் எடுத்து அரண்மனை வாசலில் உடுத்திவிட்டாள். மறுபடி மறைத்துக் காட்டிப் பார்த்தாள். மீட்டர் பெட்டி மட்டும்தான் மாறியது. படம் ரேவதியின் போனுக்குப் போயிற்று, அவள் அதை அண்ணனுக்கு அனுப்பினாள்.

சாரல் விட்டிருந்தது. ரேவதி எழும்போது போன் முனகியது. அண்ணனின் குரல் பதிவு. லாரி இரைச்சலுக்கு நடுவே மாதேஸ் பேசினார்.

"ரேவதி... உனக்குச் சடங்கு வெச்சப்ப கத்தரிப்பூக் கலருதான் வேணும்னு ரெண்டு நாளு அழுதியே, ஞாபகம் இருக்குதா? அப்ப எங்களால எடுக்க முடியல. பாப்பா கட்டி நிக்கறதப் பார்த்தா நீயே நிக்கற மாதிரி இருக்குதுடி."

ரேவதி அதை மறந்தே போயிருந்தாள். கடை நடுவில் நின்றபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.