ஆறாவது ஸ்லைடில் வீட்டுக்காரர்

வேலைக்காக ஊர் மாறுகிற இளைஞர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு நத்தை என்று பெயர். இரண்டு பைகளை முதுகில் சுமந்தபடி, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வேலைக்கு வந்தவள். அலுவலகத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வக்கீல் தன் வீட்டு மாடியையே அவளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். ஒரு சாவியையும் கொடுத்தார். இன்னொன்று அவர் சட்டைப் பையில் இருந்தது.

போன ஞாயிறு, ஈரத் தலையில் துண்டும் மடியில் நாவலுமாக அவள் கதைக்குள் ஏதோ பனிநாட்டு ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது பூட்டு திறந்தது. "நான்தாம்மா" என்றபடி வக்கீல் உள்ளே வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரே மாதத்தில் நான்காவது தடவை. உள் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. அதைச் சரிசெய்ய மட்டும் அவர் வந்ததே இல்லை.

"முன்னறிவிப்பு கொடுத்து வரலாம்னு ஒப்பந்தத்துல இருக்கே. வாசல்ல குரல் கொடுத்தேன்ல?" என்றார். எவ்வளவு நேரம் முன்னால் என்று அதில் இல்லை.

இன்ஸ்டாகிராமுக்காக வாடகை ஒப்பந்த விதிகளைப் பத்து ஸ்லைடுகளில் விளக்கும் வேலை நத்தையிடம் வந்தது. கடைசி ஸ்லைடில் 'சரிபார்த்தவர்' என்று வக்கீலின் பெயர். ஆறாவதில் அவள் இப்படி எழுதினாள்: 'வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தால் அதுவே முன்னறிவிப்பு.'

டிசைனர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "வேலையை விடறதா முடிவு பண்ணிட்டியாம்மா?"

"அவர் வரட்டும்ணா."

மறுநாள் பதினொரு மணிக்கு வக்கீல் வந்தார். லாக்-இன் என்கிற குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்துக்குள் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் கேட்கலாம் என்ற இடத்தில், 'ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்' என்று சேர்த்தார். சுவரின் நிறம் மங்குவது சாதாரணத் தேய்மானம், அதற்காக அட்வான்ஸில் பிடிக்கக் கூடாது என்பதைப் பெருமூச்சோடு ஒப்புக்கொண்டார். ஆறாவதில் நின்றுவிட்டார்.

"எந்த மடையன் எழுதினது? என் பேரைப் போட்டு இதை வெளியிட்டா கோர்ட்ல சிரிப்பாங்க."

"தப்பா சார்?"

"வாசல்ல நின்னு கத்துறதுக்குப் பேரு முன்னறிவிப்பா?" சிவப்புப் பேனாவை எடுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: 'எத்தனை மணி நேரம் முன்பு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இருபத்து நான்கு நியாயம். தீ, குழாய் உடைப்பு போன்ற அவசரம் விலக்கு.'

"ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சுன்னா சார்?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு இணைப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்து போட்டுக்கலாம். இதுகூடத் தெரியாதா?"

நத்தை ஒரு தாளை அவர் முன் வைத்தாள். மூன்றே வரி. மாடி வீடு, இருபத்து நான்கு மணி நேரம், அவசரம் விலக்கு. கீழே அவள் கையெழுத்து காய்ந்தே போயிருந்தது. டிசைனர் அண்ணன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வக்கீல் இரண்டு முறை படித்தார். "போட மாட்டேன்னா?"

"கட்டாயம் இல்ல சார். அந்த ஸ்லைடை நான் எழுதினபடியே விட்டுடலாம். உங்க வழக்கம்தானே அது."

அவர் போட்டார். பேனா தாளைக் கிழிக்காதது ஆச்சரியம்.

"நாளைக்குக் காலைல தண்ணித் தொட்டியைப் பாக்கணுமே" என்றார் எழுந்தபடி.

நத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்போ பதினொன்றரை சார். ஒரு மெசேஜ் போட்டுடுங்க. நாளைக்குப் பதினொன்றரைக்கு மேல தாராளமா வாங்க."