அடுத்த வாக்கியம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை சுஜானி ஒரு கடித உறையை உதயகுமாரியின் கையில் வைத்தாள். தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தபடியே, "வீட்டை போய் வாசியுங்கோ அக்கா" என்றாள். மகனை வகுப்பிலிருந்து நிறுத்தச் சொல்லத்தான் கடிதம் என்று உதயகுமாரி நினைத்தாள்.

அவர்கள் லண்டனிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து ஒன்றரை வருடம். கணவனின் வேலை அடுத்து எந்த நாட்டுக்குத் தூக்கிப்போடும் என்று தெரியாததால், எட்டு வயது தக்சனை இங்கேயும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில்தான் விட்டிருந்தார்கள். தமிழில் எது சொன்னாலும் அவனுக்கு விளங்கும். வாயைத் திறந்தால் ஆங்கிலம். கணவன் இளங்கோ பொறுமையிழந்து, கிறிஸ்மஸ்வரை தவணை வைத்திருந்தான்.

"நத்தார் வரைக்கும் பாப்பம். பிறகும் இப்பிடியெண்டால் தமிழ் வகுப்பை விட்டிட்டு, சனிக்கிழமையில பனிச்சறுக்கலுக்கு விடுவம். அதைக் கதைக்காமலே செய்யலாம்."

வீடுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. வீடு இருக்கும் ஸ்டோவ்னருக்குப் போகும் ரயிலிலேயே பிரித்தாள். தக்சன் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"தமிழ் விளங்கி, ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கு,

பயப்பட வேண்டாம். சென்ற வாரம் வகுப்பில், 'ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் மூடியில்லாத பேனையை மட்டும் எடுத்து வாருங்கள்' என்றேன். முதலில் எழுந்தவர்கள் உங்கள் பிள்ளைகள். அதுவும் தமிழ்தான். கேட்டு விளங்குவது ஒரு வேலை. சொல்லைத் தேடி எடுத்து, கோத்து, வாயால் சொல்வது வேறு வேலை. நாள் முழுக்கப் பள்ளியில் புழங்குவதால் ஆங்கிலம் முந்திக்கொள்கிறது. சோம்பலும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

'தமிழில் சொல்லு' என்று மறிக்காதீர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதையே நீங்கள் தமிழில் சொல்லி, பேச்சைத் தொடருங்கள். ஓம், இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிழையாகச் சொன்னால் சிரிக்க வேண்டாம். சரியாகச் சொன்னால் கைதட்டி, விருந்தாளிகளின் முன்னால் மறுபடி சொல்ல வைக்கவும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிறகு உங்கள் அடுத்த வாக்கியம் எந்த மொழியில் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எப்போது பேசத் தொடங்குவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் வகுப்பு இரண்டு மணிநேரம்தான். மிச்ச வாரம் உங்களிடம் இருக்கிறது.

சுஜானி"

உதயகுமாரிக்கு முதலில் நிம்மதி, பிறகு கோபம். "எங்களைப் பாத்தே உந்தக் கேள்வி? நாங்கள் வீட்டில தமிழைத் தவிர வேற என்ன கதைக்கிறனாங்கள்?" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கடிதத்தை இளங்கோவிடம் நீட்டினாள். அவன் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

பொழுதுபட்டதும் புட்டை மேசையில் வைத்தாள்.

"தக்சன், சாப்பிட வாங்கோ!"

"ஐ'ம் நொட் ஹங்கிரி."

"வை? வட் டிட் யூ ஈட்?"

கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். இளங்கோ வயிறு குலுங்கச் சிரித்தான். "பிடிபட்டாச்சு! தமிழைத் தவிர வேறொண்டும் கதைக்காத ஆள்!"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. உங்கடை முறை வரும்."

வந்தது. அடுத்த நாள் காலையிலேயே, தொப்பி எங்கே என்று மகன் ஆங்கிலத்தில் கேட்க, இளங்கோ ஆங்கிலத்திலேயே பதில் சொல்லித் தேடிக் கொடுத்தான். அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். பிடிபடும் பெரியவர் சட்டி கழுவ வேண்டும். பிள்ளைக்குச் சட்டம் இல்லை. அவன் எந்த மொழியிலும் சொல்லலாம்.

செவ்வாய்க்குள் உதயகுமாரி மூன்று தரம் பிடிபட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்னதைத் தமிழாக்கித் தொடரப் பழகினாள். 'மில்க்' என்றால், "பாலோ? சுடப் பண்ணியோ, குளிராகவோ?" என்றாள். 'கோல்ட்' என்றான். "குளிர்ப் பால். இந்தாங்கோ." வேறு ஒன்றும் நடக்கவில்லை. புதனும் அப்படியே போயிற்று. நத்தாருக்கு இன்னும் மூன்று வாரம்.

வியாழக்கிழமை சாப்பாட்டில் இளங்கோ களைத்துப்போயிருந்தான். மகன் பள்ளியில் நடந்த சண்டையை ஆங்கிலத்தில் விவரிக்க, "ஹூ ஸ்டார்ட்டட் இட்?" என்றான்.

உதயகுமாரி கவனிக்கவில்லை. கதிரையிலிருந்து துள்ளி எழுந்தது தக்சன்.

"அப்பா இங்கிலீஷ்! அப்பா சட்டி கழுவு!"

இளங்கோவின் கண் விரிந்தது. சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாய்க் கிளம்பப் பார்த்தன. உதயகுமாரி மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள், நன்றாகவே.

அவன் சிரிப்பை விழுங்கினான். "ஓம், அப்பாதான் சட்டி கழுவோணும்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான். தக்சன் பின்னாலேயே போய், "யூஸ் ஹொட் வோட்டர்!" என்று அதிகாரம் பண்ணினான்.

"சுடுதண்ணியிலயோ? சரி. பெரிய சட்டி முதலிலயோ, சின்னதோ?"

தண்ணீர் ஓடும் சத்தம். இளங்கோ காத்திருந்தான்.

"பெரிசு."

உதயகுமாரி மேசையைத் துடைத்தபடி குசினி வாசலுக்கு வந்தாள். "இஞ்சாருங்கோ, பனிச்சறுக்கலுக்கு எப்ப பேர் குடுக்கிறது?"

அவன் திரும்பிப் பார்க்காமல் சட்டியைத் தேய்த்தான். "அது ஞாயிற்றுக்கிழமையும் நடக்குதாம்."