தாயம்மாள் பேரில் ஒரு மனை

வரி அலுவலகம் என்றாலே சத்தியராஜுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். தங்கை ஷைலா மஸ்கட்டில் இருந்தபடி வேலப்பன்சாவடி மனையை விற்கிறாள். அவளுக்காகப் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு நாயாய் அலைகிறவன், சேக்காட்டில் இருக்கிற இந்த அண்ணன்.

வெளிநாட்டில் இருப்பவரிடம் மனை வாங்கினால், வாங்குகிறவரே விலையில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஷைலா விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவள், லாபம் கொஞ்சம்தான். அதற்கு உண்மையில் ஆகிற வரி, பிடிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சத்தை அடுத்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். அதுவரை பொறுக்க அவளால் முடியாது. அவள் கணவன் பிராங்குக்கு வேலை போய்விட்டது. குடும்பத்தோடு ஊர் திரும்பப்போகிறார்கள். அயனம்பாக்கத்தில் பதிவு செய்திருந்த ஃபிளாட்டுக்கு மீதிப் பணம் கட்டினால்தான் சாவி. கட்டாவிட்டால் நாலு பேரும் சத்தியராஜின் இரண்டு அறை வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அதை நினைத்துத்தான் அவன் இத்தனை படியும் ஏறி இறங்கினான். பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

குறைவாகப் பிடித்தால் போதும் என்று அதிகாரி தரும் சான்றிதழ் ஒருவழியாக வந்தது. அது வரும்வரை பத்துப் பைசா கைமாறக் கூடாது என்று ஆடிட்டர் அஸ்வின் கறாராகச் சொல்லியிருந்தான்.

பத்திரம் எழுதும் கன்னியப்பனின் கடை பூந்தமல்லி பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. வாங்குகிற நாகேந்திரன் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தாயம்மாளோடு வந்திருந்தார். கன்னியப்பன் நீட்டிய வரைவைச் சத்தியராஜ் வாங்கிப் படித்தான். வாங்குபவர்: தாயம்மாள்.

"இன்னா சார் இது? உங்க பேருன்னு தானே சொன்னீங்க?"

"ஊட்டுக்காரி பேர்ல போட்டா நல்லதுன்னு எல்லாரும் போடுறதுதானே தம்பி. இதுல இன்னா கீது?"

சத்தியராஜ் அஸ்வினுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தான்.

"போச்சு சார்," என்றான் அஸ்வின். "சர்டிஃபிகேட்ல அவரோட டான் நம்பர்தான் கீது. வரி புடிக்கிறவரு யாருன்னு சொல்ற நம்பர் அது. அம்மா வாங்கினா அந்த சர்டிஃபிகேட் செல்லாது, முழுசாத்தான் புடிக்கணும். இப்ப சார் பேர்ல முடிங்க. அப்புறமா அவரு அம்மாவுக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் குடுத்துடலாம். செலவு கொஞ்சம்தான்."

சத்தியராஜுக்கு மூச்சு வந்தது. நாகேந்திரனும் தலையாட்டினார். "அப்புறம் எழுதிக்கலாம் தாயி. எங்க ஓடிடப் போவுது?"

தாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எந்த அப்புறம்? குவார்ட்டர்ஸ்ல முப்பது வருஷம் உங்க பேர் போட்ட கதவத்தான் தொறந்து மூடினேன். எப்ப கேட்டாலும் அப்புறம்தான். எங்கம்மா போட்ட நகை எல்லாத்தையும் வித்துட்டு வந்து நிக்கிறேன். என் பேர்ல இல்லன்னா எனக்கு இந்த இடமே வேணாம்."

நாகேந்திரன் வாசலைப் பார்த்தார். சத்தியராஜுக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது. இரண்டு தரம் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை. அலுத்துப்போய் ஷைலாவைக் கூப்பிட்டான். அவள் திட்டுவாள், அதைக் கேட்டாவது இந்த அம்மா இறங்கி வரும் என்று ஒரு நப்பாசை.

நடந்ததைச் சொன்னான்.

"அந்த மனைய என் பேர்ல போட நான் பிராங்க்கிட்ட எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமா அண்ணா? நான் ராத்திரி ட்யூட்டி பார்த்து சேத்த காசு. அப்புறம் மாத்திக்கலாம்னுதான் அவரும் சொன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "அவங்க பேர்லயே நம்பர் வாங்கி மறுபடி அப்ளை பண்ணு."

"அதுக்கு மாசக்கணக்காவும் ஷைலா. ஃபிளாட்டு?"

"பில்டர்கிட்ட கெஞ்சிப் பாக்குறேன். அதுவரைக்கும் உன் ஊட்லதான் இருப்போம். தொரத்தவா போற?"

"சேச்சே" என்றான். வேறென்ன சொல்வது?

தாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உங்க தங்கச்சி நல்லா இருக்கணும் தம்பி" என்று கண்ணைத் துடைத்தபடி பையைத் துழாவி, அந்த நம்பர் வாங்குவதற்காக உறை பிரிக்காத பான் கார்டை எடுத்து நீட்டினாள். இதுவரை அதற்கு ஒரு வேலையும் வந்ததில்லை போலிருக்கிறது.

சத்தியராஜ் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தான்.

"ஞானகுமாரி, பெரிய ரூமக் காலி பண்ணு. நாம ஹால்ல படுத்துக்கலாம்."