இரண்டு விதமாக எழுதிய பெயர்

"என்னை லினா எண்டு கூப்பிடுங்கோ," என்றாள் மகள். எட்டு வயது. பூரணி என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடக் கன்ரீனில் சாப்பிடுவதுமில்லை.

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். பிள்ளைகள் 'பூறி' என்கிறார்களாம். சாப்பாட்டு வரிசையில் மூக்கைப் பொத்துகிறார்களாம்.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லா சப்பல் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். வாங்க வருகிறவர்கள் தக்காளியைத் தூக்கிக் காட்டிச் சொல்வது அதைத்தான். பூறி என்றால் அழுகல். நாள் முழுக்க அழுகலைப் பொறுக்கி எறிகிறவள் நான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மறுநாள் மத்தியானம், கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டையில் இருந்தபடி வகுப்பு ஆசிரியைக்குத் தகவல் எழுதினேன். தமிழில் எழுதினால் போன் பிரெஞ்சாக்கித் தரும். முதலில் எழுதியதெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் பற்றித்தான். கூட வேலை செய்யும் யசோதினி வாசித்தாள், இங்கேயே படித்தவள்.

"அக்கா, இதை அனுப்பினா ரீச்சர் உங்களைத்தான் சமாதானப்படுத்துவா. நடந்ததை மட்டும் எழுதுங்கோ."

அழித்தேன். மகள் சொன்னது இது, நான் கண்ணால் காணவில்லை என்று தொடங்கினேன். என்ன சொல், எங்கே வைத்து, எப்போதிருந்து, யார் யார். சாப்பிடாமல் வருவதையும் எழுதினேன். வகுப்புக்கு முன்னால் அவளை எழுப்பிக் கேட்க வேண்டாம், வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள், நேரில் வந்து கதைக்கலாமா என்று கேட்டேன். கடைசி வரியில் 'பூரணியின் தாய்' என்பதை மட்டும் நானே பிரெஞ்சு எழுத்தில் தட்டி அனுப்பினேன்.

பின்னேரம் வீட்டில் இருக்கும்போது பதில் வந்தது. போனே தமிழாக்கியது.

"மதாம், அறிவித்ததற்கு நன்றி. அதிபருக்கும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளோடு தனித்தனியாகக் கதைப்பேன். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வாருங்கள். ஒரு கேள்வி. மகளின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். எது சரி? இடாப்பில் பெயர் கூப்பிடும்போது நானும் பிழையாகச் சொல்கிறேன் போல. குரலில் பதிந்து அனுப்ப முடியுமா?"

நான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். மேலே சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியில் அவள் பெயரைப் போன் தனக்குத் தெரிந்த சொல்லாக, 'பூறி' என்று திருத்தியிருந்தது. அழுகலின் தாய். அப்படித்தான் ஒப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். போனைக் குற்றம் சொல்லக்கூட மனம் எழவில்லை.

பதியும் பொத்தானை அழுத்தி வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். ஆசிரியைக்கு விளங்க வேண்டும் என்று மெல்ல, நிறுத்திச் சொன்னேன்.

"பூ... ர... ணி. பூரணி."

"என்னம்மா?" அறைக்குள் இருந்து கேட்டாள் மகள்.

அதுவும் பதிவாகியிருந்தது. வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.