காலர் அட்டை

“அப்பா, வித்துட்டா வண்டி நம்மள மறந்துடுமா?”

ஆறு வயது மகள் அப்படிக் கேட்டபோது தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டிருந்த பால்காரரும் சிரித்தார். “எப்படிம்மா மறக்கும்? தினம் காலையில ஒங்க வீட்டுக்குத்தானே பால் கொண்டு வரும்.”

பணம் கைமாறியது. ஒரு சாவியும் வண்டிப் புத்தகமும் கைமாறின. இன்னொரு சாவி எங்கோ மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது. ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதவில்லை. தெரிந்த மனிதர்களுக்குள் என்ன எழுத்து?

பெயர் மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. அதற்கு விற்றவர் கையெழுத்து வேண்டும். பால்காரர் மூன்று முறை வந்து நின்றார்.

“அண்ணே, வண்டிப் பதிவு ஆபீஸுக்கு ஒரு நடை வந்துட்டுப் போயிடுங்கண்ணே.”

“பள்ளிக்கூடச் சீருடைத் தையல் கழுத்த நெரிக்குதுப்பா. அடுத்த வாரம் பாக்கலாம்.”

நான்காம் முறை அவர் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் உறை வந்தது. இன்ன தேதியோடு வண்டியின் காப்பீடு முடிகிறது, புதுப்பிக்கவும் என்றது உள்ளே இருந்த அட்டை. பதிவில் இருந்த பெயரும் முகவரியும் அவருடையவை, வேறெங்கே போகும்? ‘நம்ம வண்டியே இல்லையே’ என்று நினைத்தார் தையல்காரர். அட்டை நல்ல தடிமனாக இருந்தது. சட்டைக் காலர் வெட்ட உதவும் அளவு அட்டையாக அதை நறுக்கி ஆணியில் மாட்டினார்.

காப்பீடு முடிந்த இரண்டாம் மாதம், பால்காரர் ஒரு திருப்பத்தில் வேகமாகத் திரும்பி, மருத்துவமனையில் தரை கூட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்துத் தள்ளினார். அவளுடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

இழப்பீட்டு மன்றத்தின் அறிவிப்பு தையல்காரருக்கு வந்தது.

“நான் வித்துட்டேன் சார்,” என்றார் வக்கீலிடம்.

“வித்தது ஒங்களுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியுமா?” வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். “அதுல யார் பேரோ அவர்தான் சொந்தக்காரர். காப்பீடு இருந்தா அவங்க கட்டியிருப்பாங்க. இல்ல. அதனால ஓட்டினவனும் நீங்களும்தான் கட்டணும். அவன்கிட்ட என்ன இருக்கு? நாலு பால் கேன். ஒங்ககிட்ட கடை இருக்கு.”

கூண்டில் ஏறிய பால்காரர் தையல்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. “அவரு வண்டிதாங்க. அன்னிக்கு மட்டும் இரவல் வாங்கிட்டுப் போனேன்.”

தையல்காரர் பாதி எழுந்தார். வக்கீல் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “வாங்கினேன்னு ஒத்துக்கிட்டா, கட்டின பணத்தக் கேட்டு நாளைக்கு நீங்க அவன்மேல வழக்குப் போடலாம்ல? விவரமானவன். ரசீது இருக்கா ஒங்ககிட்ட?”

வராந்தாவில் அந்தப் பெண் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். “நீங்கதான் தையல்காரரா? நல்லா தைப்பீங்களாமே.” காலியாகத் தொங்கிய துணியைத் தூக்கிக் காட்டினாள். “இந்தப் பக்கம் துணி வீணாப் போவுது. அளவா வெட்டித் தர்றீங்களா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தையல்காரர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு வந்தது. கடை போனது, மூன்று தையல் இயந்திரங்களில் இரண்டு போயின. அவளுக்குச் சேரவேண்டியது முழுவதும் சேர்ந்தது. கடையை வாங்கியவன் அதன் சாவிக்காக வாசலில் காத்திருக்க, சாமான்களை ஒழித்த தையல்காரர் ஆணியில் தொங்கிய காலர் அட்டையைக் கையில் எடுத்தார். கத்தரி தப்பவிட்ட இடத்தில் அந்தத் தேதி அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பால் கொண்டு வந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லி இதைக் கொடுத்திருந்தால்? அல்லது அந்த மூன்று வாரங்களில் ஒரு வாரம் ஒரு நடை போயிருந்தால்? பால்காரர் சொன்னது ஒரு பொய். ஆனால் அதற்கு முன்பே தான் மூன்று முறை ‘அடுத்த வாரம்’ சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

வண்டியை விடுவிக்கவும் காவல் நிலையத்தில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் அவர்தானே! நசுங்கிய முன்பக்கத்தோடு வண்டியும், அதன் சாவியும் புத்தகமும் கைக்கு வந்தன.

“பழைய இரும்புக்குப் போடுங்க. ஏதோ கொஞ்சம் தேறும்,” என்றாள் மனைவி. மகள் இப்போதெல்லாம் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

அவர் வண்டியைச் சீராக்கினார். வேறொருவர் கடையில் கூலிக்குத் தைத்த காசில் ஓராண்டுக்குக் காப்பீடு கட்டினார். பெயர் மாற்றும் படிவங்களில் பால்காரர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதையெல்லாம் நிரப்பிக் கையெழுத்திட்டார். கட்டணத்தையும் தானே கட்டி ரசீது வாங்கினார்.

ஒரு நண்பகல், பால்காரர் வீட்டில் ஆள் இல்லாத நேரம். கழுவிக் கவிழ்த்த கேன்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன. தையல்காரர் வண்டியைச் சத்தமில்லாமல் சுவரோரம் நிறுத்தினார். ஒரு கேனை நிமிர்த்தி, படிவங்கள், ரசீது, புத்தகம், இரண்டு சாவி எல்லாவற்றையும் உள்ளே வைத்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து காலர் அட்டையை எடுத்து, தேதி மேலே தெரியும்படி அவற்றின்மேல் வைத்தார். கேனை மூடினார்.

தெருவில் யாரும் இல்லை. வேலை செய்யும் கடைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.