உடைந்த அலை வேண்டாம்

என் அத்தான் ஊர் ஊராகப் போய் அலுவலகங்களில் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்துகிறவர். மாதச் சம்பளத்துக்கு மாரடிக்கிற ஜனங்களை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்தி, "என்னால் முடியும்" என்று கத்த வைப்பார். அவர்களும் கத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இதற்கும் தொழில் என்று பெயர்.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, நாற்பத்தாறு வயதில் அலைமேல் ஒரு பலகையில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நின்றால் போதும். விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே குப்புறப் படுத்து, இரண்டு கையையும் ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து நிற்கப் பழகினாள். பீரோ கதவில் முட்டிக்கொண்ட தழும்பு முழங்கையில் இருந்தது. நான் சிரித்தேன், ஆனால் அவள் அசடு இல்லை. எங்கே கற்றுக்கொள்ளலாம் என்பதையும் படித்து வைத்திருந்தாள்.

கடற்கரை விடுதிக்கு நாங்கள் மூவரும் வந்து சேர்ந்த அன்றே போனை அத்தானிடம் நீட்டினாள்.

"ஏங்க, இந்தச் சின்ன வளைகுடா நல்லா இருக்கும்போல. தரை முழுக்க மணல், பாறை இல்ல. ரொம்ப தூரம் இடுப்பளவு தண்ணிதான். அலை தூரத்துலயே உடைஞ்சு, நுரையா உருண்டு வருதாம். முதல் தடவைக்கு ஒன்றரை மணி நேரம் போதும்னு போட்டிருக்கு. ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை போகலாம்."

அத்தான் போனைக் கையில்கூட வாங்கவில்லை.

"உடைஞ்ச அலையா?" என்றார். காலாவதியான மாத்திரையைக் கொடுத்துவிட்டது போல இருந்தது அவர் முகம். "இவ்ளோ தூரம் வந்து, கடல் பயன்படுத்திட்டுத் தூக்கிப் போட்டதுலயா நாம கத்துக்கணும்? எனக்குப் புது அலை வேணும். முழுசா, உடையாம வரணும்."

கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் உடைந்த அலையின் நுரையில்தான் தொடங்குகிறார்கள் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அது பயந்தாங்கொள்ளிகளுக்கு என்றார். ஒன்றரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு என்றார். அன்று மாலைக்குள் பெரிய கடற்கரையில் மூன்று மணி நேரப் பயிற்சிக்கு இருவருக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். எனக்கு வேண்டாம் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அதற்கும் ஒரு சொற்பொழிவு கிடைத்தது.

பெரிய கடற்கரை புகைப்படத்துக்கு அழகானது. கரை சரிவாக இறங்கும். அலை கிட்டத்தில் வந்து தலைக்கு மேல் எழும்பி, மொத்தென்று மணலிலேயே விழும். அங்கே ஒரு பயிற்சியாளன் இருந்தான். வெயிலில் வெளுத்த தலைமுடியும், எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற வழக்கமும் அவனிடம் இருந்தன.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு இங்க கொஞ்சம் கஷ்டம்தான் சார்," என்று ஆரம்பித்தான். அத்தான் பார்த்த பார்வையில், "ஆனா நீங்க பண்ணிடுவீங்க சார்," என்று முடித்தான். முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை.

மணலில் படுத்து எழுந்து பழகியபோது அக்காதான் சரியாகச் செய்தாள். அத்தான் முட்டிபோட்டு, யோசித்து, ஆதரவுக்கு ஆள் தேடி எழுந்தார். பிறகு பலகையோடு இணைத்திருந்த பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் அலையே அத்தானின் பலகை நுனியைத் தண்ணீரில் குத்தி, அவரைத் தலைகுப்புறக் கவிழ்த்தது. ரொம்ப முன்னால் படுத்திருந்தார். இரண்டாவதும் அதே கதை. அவர் எழுந்து வந்து, அலை சரியில்லை என்று சொன்னார்.

அக்கா ஒரு மணி நேரத்துக்குள் பலகைமேல் முட்டி போடும் வரை எழும்பிவிட்டாள். நான் கரையில் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த அலைகளைத் தாண்டி உள்ளே கையாலேயே துடுப்பு போட்டுப் போய் அவள் கைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. "எனக்குக் கை வரலங்க, கொஞ்சம் உக்காரட்டுமா?" என்றாள்.

"இன்னும் பாதிகூட ஆகலையே! வலிதான் வளர்ச்சி, வா!"

இதைத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சொன்னார். பயிற்சியாளனும் தலையாட்டினான். அவள் போனாள். அடுத்த அலையில் ஊன்றிய கை மடங்கியது. மணலில் விழுந்தவளின் விலாவில் பலகை வந்து இடித்தது. எழும்போது வாய் நிறைய உப்புத் தண்ணீர். அதற்கப்புறமும் அத்தான் அவளைக் கரையேற விடவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

திரும்பும் வண்டியில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இது வராதுடி."

"மனசுல பயம் இருந்தா உடம்பு எழும்பாது," என்றார் அத்தான். அவர் ஒரு தடவைகூட எழும்பவில்லை என்பது நினைவிருக்கட்டும்.

மறுநாள் இருவரும் படுத்தே கிடந்தார்கள். அதற்கடுத்த நாள் அத்தானால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூட முடியாமல் உட்கார்ந்து, தசை வளர்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா சீப்பை எடுத்து அவர் தலையை வாரிவிட்டாள். வாரி முடித்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அந்த வளைகுடாவுக்கு."

"அங்க குழந்தைங்கதான் விளையாடும்."

"நானும் விளையாடத்தாங்க போறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். நான் பின்னால் ஓடினேன்.

வளைகுடா சாதுவாக இருந்தது. இரண்டு பக்கமும் நீண்ட நிலம் காற்றைத் தடுத்தது. வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்கு நிதானமாக உருண்டு வந்தது. பயிற்சி கொடுத்த பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள், சிரிக்கவே இல்லை. கை வலிக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாது என்று அக்காவே முதலில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பலகையைத் தானே பிடித்துத் திருப்பி, நுரை வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். துடுப்பு போட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

விழுந்தாள். விழுந்தாள். ஒருமுறை பக்கவாட்டில் விழுந்து அவளே சிரித்தாள்.

"காலைப் பாக்காதீங்க, கரையைப் பாருங்க!" என்றாள் அந்தப் பெண்.

அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள், கால் பலகைமேல் வந்தது, முட்டி மடங்கியபடி நின்றாள். நுரை அவளைச் சுமந்துகொண்டு, கரையில் பலகை உரசி நிற்கும் வரை வந்தது. அவள் விழவே இல்லை. பலகையிலிருந்து சாதாரணமாக இறங்கி நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு, வாங்க," என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா, எனக்குப் போதும்." குனிந்து காலிலிருந்த பட்டையை அவிழ்த்தாள். வீட்டில் யார் எதைத் திணித்தாலும் வாங்கிக்கொள்கிறவள் என் அக்கா. அவள் போதும் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

என் பையில் அவள் போன் அடித்தது. அத்தான்தான். எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு நீட்டினேன், அவள் கை ஈரம்.

"நின்னியா?"

"நின்னேங்க."

"அந்த நுரையிலயா? அதெல்லாம் கணக்குல வராது. சரி விடு, அடுத்த வருஷம் நான் நல்ல இடமாப் பாத்து, நாலு மணி நேரம் போட்டு, உனக்கு ஒழுங்கா சொல்லித் தர்றேன்."

"அடுத்த வருஷம் நானும் தங்கச்சியும் வர்றோம்ங்க," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, மரியாதை குறையவில்லை. "நீங்க வர வேணாம்."

போனை அணைக்கச் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.